முதற்செய்திக்கான மறுமொழியில் வணக்கச் சொற்கள்: பொழுதும் மதிப்பும் – மணலி புதுநகர் வழக்கை முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

அறிமுகமில்லாத ஒருவர் கைப்பேசியில் அனுப்பும் முதற்செய்திக்கு மறுமொழி எழுதும்போது தமிழில் இரண்டு தெரிவுகளைச் செய்ய வேண்டியுள்ளது. ஒன்று, வணக்கச் சொல்லோடு காலை, மாலை முதலிய பொழுதுப் பெயரைச் சேர்ப்பதா என்பது. மற்றொன்று, விளிப்பெயராலும் வினைமுற்றாலும் எந்த அளவு மதிப்பைக் காட்டுவது என்பது. வடசென்னையின் மணலி புதுநகரில் நிகழ்ந்த ஒரு செய்திப் பரிமாற்றத்தை இக்கட்டுரை பகுத்தாராய்கிறது. பொழுதுப் பெயர் நேர்ப்பேச்சுக்கு உரியது என்பதும், எழுத்துச் செய்தியில் அது வரம்புக்கு உட்பட்டே பொருந்தும் என்பதும் இதனால் விளக்கப்படுகின்றன. மதிப்பின் சுமையை விளிப்பெயரைவிட வினைமுற்றே மிகுதியாகத் தாங்குகிறது என்பதும் நிறுவப்படுகிறது.

திறவுச்சொற்கள்: வணக்கம், சிறுபொழுது, விளி, மதிப்புப் பன்மை, உறவுப்பெயர், முறைப்பணி, மணலி புதுநகர்

முன்னுரை

நேரில் சந்திக்கும் இருவர் ஒருவரையொருவர் பார்த்த நொடியிலேயே வயது, பால், உடை, உடன் வருபவர் ஆகியவற்றைக் கொண்டு எவ்வாறு விளிப்பது என முடிவு செய்துவிடுகின்றனர். புலனம் எனத் தமிழில் வழங்கும் வாட்ஸ்அப்பில் ஒரு புதிய எண்ணிலிருந்து வரும் முதற்செய்தியில் இவற்றுள் ஒன்றும் இருப்பதில்லை. ஒரு படம், சில சொற்கள், செய்தி வந்த நேரம் ஆகிய மூன்று மட்டுமே கிடைக்கின்றன. இம்மூன்றையும் கொண்டு எழுதப்படும் மறுமொழியின் முதல் வரியே அடுத்து வரும் உரையாடலின் தன்மையை உறுதி செய்கிறது.

மணலி புதுநகர் இவ்வாய்வுக்கு ஏற்ற களமாக அமைவதற்கு இரண்டு காரணங்கள் உள. மெட்ராஸ் ரிஃபைனரீஸ் என்னும் பெயரில் 1965ஆம் ஆண்டு நிறுவப்பெற்ற இன்றைய சென்னைப் பெட்ரோலியக் கழகம், மெட்ராஸ் உரத் தொழிற்சாலை முதலிய ஆலைகள் சூழ்ந்த மணலித் தொழிற்பகுதியும், 2001ஆம் ஆண்டு செயல்படத் தொடங்கிய எண்ணூர்த் துறைமுகமும் இதற்கு அருகில் உள்ளன. எனவே இங்கு வாழ்வோரில் பலருடைய நாள் விடியலில் தொடங்குவதில்லை. காலை ஆறு முதல் பிற்பகல் இரண்டு, இரண்டு முதல் இரவு பத்து, பத்து முதல் மறுநாள் காலை ஆறு எனப் பகுக்கப்படும் முறைப்பணியே அவர்தம் பொழுதை வகுக்கிறது. இரண்டாவதாக, இங்குத் தென்மாவட்டங்களிலிருந்து வந்தோர், வடசென்னைக் குடிகள், தெலுங்கைத் தாய்மொழியாகக் கொண்டோர் எனப் பல வழக்கினர் அடுத்தடுத்த தெருக்களில் வாழ்கின்றனர். ஒருவர் மதிப்பெனக் கருதும் சொல் மற்றொருவருக்கு விலகலாகத் தோன்றும் வாய்ப்பு இதனால் மிகுதியாகிறது.

ஆய்வுக்குரிய செய்திப் பரிமாற்றம்

கட்டுரையாளர் மணலி புதுநகரில் பள்ளி மாணவர்க்கு மாலை நேரத்தில் தமிழ் கற்பித்து வருபவர். ஓரிரவு 10.35 மணிக்கு அவருக்குப் புதிய எண்ணிலிருந்து பின்வரும் செய்தி வந்தது: “வணக்கம் அம்மா. பத்தாவது தமிழ் டியூசன் எடுக்கிறீங்களா. பீஸ் எவ்ளோ.” எண்ணோடு இருந்த படத்தில் பள்ளிச் சீருடை அணிந்த சிறுவன் ஒருவன் காணப்பட்டான். மறுநாள் காலை 7.10 மணிக்குக் கட்டுரையாளர் எழுதிய மறுமொழி இது: “காலை வணக்கம் தம்பி. ஆமா எடுக்கிறேன். நீ எந்த ஸ்கூல்?”

அச்செய்தி நண்பகலுக்குப் பின்னரே படிக்கப்பட்டது. விடை வரவில்லை. மூன்றாம் நாள் அறுபது வயதை நெருங்கிய பெரியவர் ஒருவர் தம் பேரனை அழைத்துக்கொண்டு நேரில் வந்தார். ஒப்பந்த முறையில் காவற்பணி செய்பவர் அவர்; செய்தி அனுப்பிய நாளில் இரண்டாம் முறைப்பணி முடித்து வீடு திரும்பியிருந்தார். படத்திலிருந்தவன் அப்பேரன். “நான் தாத்தாங்க மேடம். பையனுக்குத்தான் கேட்டேன்” என்றார். அதன்பின் எழுதிய எல்லாச் செய்திகளிலும் அவர் கட்டுரையாளரை ‘மேடம்’ என்றே விளித்தார். முதற்செய்தியில் இருந்த ‘அம்மா’ திரும்பி வரவேயில்லை.

இங்கு நேர்ந்த பிழைகள் இரண்டு. ஒன்று பொழுது பற்றியது. மற்றொன்று மதிப்புப் பற்றியது. முதற்பிழை சிறியது, இரண்டாவது பெரியது. ஆயினும் இரண்டுக்கும் அடிப்படை ஒன்றே. நேர்ப்பேச்சில் மட்டுமே கிடைக்கும் தகவலைத் தம்மிடம் இருப்பதாகக் கருதி மறுமொழி எழுதப்பட்டது.

பொழுதும் வணக்கமும்

பழந்தமிழ் இலக்கணம் ஒரு நாளை மாலை, யாமம், வைகறை, விடியல், நண்பகல், எற்பாடு எனச் சிறுபொழுதுகளாகப் பகுத்துள்ளது. இத்துணை நுட்பமான பகுப்பு இருந்தும் பொழுதுக்கொரு முகமன் என்னும் மரபு தமிழில் உருவாகவில்லை. நேரில் வந்தவரை ‘வாங்க’ என்னும் வினையாலோ, ‘சாப்பிட்டாச்சா’, ‘நல்லா இருக்கீங்களா’ என்னும் வினாவாலோ வரவேற்பதே இன்றும் பேச்சு வழக்காக உள்ளது. ‘வணங்கு’ என்னும் வினையடியிலிருந்து பிறந்த ‘வணக்கம்’ என்னும் தொழிற்பெயர், இருபதாம் நூற்றாண்டில் தனித்தமிழ் உணர்வு பரவிய சூழலில் ‘நமஸ்காரம்’ என்பதன் இடத்தைப் பெற்று, பொது முகமனாக நிலைபெற்றது. இச்சொல்லுக்குப் பொழுது இல்லை. எந்நேரத்தில் கூறினும் பொருந்தும். கூறியவருக்கு அதே சொல்லையே திருப்பிக் கூறலாம்.

காலை வணக்கம், மதிய வணக்கம், மாலை வணக்கம், இரவு வணக்கம் என்னும் தொடர்கள் ஆங்கில முகமன்களை ஒட்டி அமைந்த பிற்கால ஆக்கங்களாகும். பள்ளி வகுப்பறையிலும் மேடையிலும் இவை இயல்பாக ஒலிக்கின்றன. ஏனெனில் அங்குக் கூறுபவரும் கேட்பவரும் ஒரே பொழுதில் உள்ளனர். எழுத்துச் செய்தியில் இந்நிலை மாறுகிறது. எழுதும் பொழுது வேறு, படிக்கும் பொழுது வேறு. தமிழ்க் கடித மரபு இதனை நன்கு உணர்ந்திருந்தது. ‘அன்புள்ள அண்ணனுக்கு வணக்கம்’ எனத் தொடங்கி ‘நலம், நலமறிய ஆவல்’ என அமையும் கடிதத்தில் எழுதப்பட்ட நாள் மேலே குறிக்கப்படும். ஆனால் முகமனில் பொழுது இடம்பெறாது. கடிதம் எப்பொழுது கைக்குக் கிட்டும் என எழுதுபவர் அறியார்.

புலனச் செய்தி விரைவால் பேச்சையும், எழுத்து வடிவால் கடிதத்தையும் ஒத்துள்ளது. ஆகவே பொழுதுப் பெயர் இதில் எப்போது பொருந்தும் என்பது மறுமொழி எழுதப்படும் விரைவைப் பொறுத்தது. செய்தி வந்த அதே பொழுதில், அனுப்பியவர் இன்னும் கைப்பேசியை நோக்கியிருக்கும்போதே விடை எழுதப்படின் அது பேச்சை ஒத்தது. அவர் ‘காலை வணக்கம்’ எனத் தொடங்கியிருப்பின் அவ்வாறே திருப்பிக் கூறலாம். பொழுது கடந்து எழுதப்படும் விடை கடிதத்தை ஒத்தது. அங்கு ‘வணக்கம்’ என்பதே போதும். காலை எட்டு மணிக்கு வந்த ‘காலை வணக்கம்’ என்பதற்குப் பிற்பகல் மூன்று மணிக்கு ‘காலை வணக்கம்’ என விடையளிப்பது எழுதியவரின் பொழுதுக்கும் பொருந்தாது. ‘மாலை வணக்கம்’ என்பதோ முந்தைய செய்தி வெகுநேரம் கிடந்ததைச் சுட்டிக்காட்டுவதாக அமையும். பொழுதற்ற ‘வணக்கம்’ இவ்விரண்டையும் தவிர்க்கிறது.

முறைப்பணி மிக்க பகுதியில் இதனோடு மற்றொரு சிக்கலும் சேர்கிறது. இரவு முழுதும் பணியாற்றிக் காலை ஆறு மணிக்கு வெளிவருபவருக்கு அது நாளின் முடிவு. காலை ஏழு மணிக்கு அவருக்கு ‘காலை வணக்கம்’ எனக் கூறுவது பிழையன்று. எனினும் அவருடைய பொழுதை அறிந்து கூறியதாக அது அமைவதில்லை. மேற்காட்டிய பரிமாற்றத்தில் பெரியவர் இரவு 10.35 மணிக்கு ‘வணக்கம்’ என்று மட்டுமே எழுதியிருந்தார். அவர் சேர்க்காத பொழுதுப் பெயரைக் கட்டுரையாளர் தாமாகச் சேர்த்தது தேவையற்றது. அவர் அதனைப் படித்தபோது பொழுது நண்பகலைக் கடந்திருந்தது.

‘இரவு வணக்கம்’ என்பதற்குத் தனிக் கவனம் தேவை. மற்றவை உரையாடலைத் தொடங்குவன. இதுவோ ஆங்கிலத்தில் விடைபெறும்போது கூறப்படும் முகமனின் சாயலால் பெரும்பாலும் முடிப்புச் சொல்லாக வழங்குகிறது. இரவு ஒன்பதரை மணிக்கு வரும் முதற்செய்திக்கு ‘இரவு வணக்கம்’ என மட்டும் விடையளித்தால், ‘இன்று இவ்வளவே, நாளை பேசலாம்’ என அனுப்பியவர் பொருள்கொள்ளக் கூடும். இரவில் தொடங்கும் உரையாடலுக்கு ‘வணக்கம்’ என்பதே ஐயத்துக்கு இடமளிக்காத தொடக்கமாகும். ‘இரவு வணக்கம்’ என்பதை உரையாடலின் இறுதிக்கு வைத்துக்கொள்ளலாம்.

மதிப்பைத் தாங்கும் உறுப்புகள்

மறுமொழியின் முதல் வரியில் மதிப்பு மூன்று இடங்களில் வெளிப்படுகிறது: முகமன், விளிப்பெயர், வினைமுற்று. ‘வணக்கம்’ என்னும் முகமன் உயர்ந்தோர், ஒத்தோர், இளையோர் என அனைவருக்கும் பொதுவானதால் அதனால் மதிப்பு வேறுபாடு தோன்றுவதில்லை. எஞ்சிய இரண்டே வேறுபாட்டைக் காட்டுகின்றன.

ஒருவரைப் பன்மையால் சுட்டும் வழக்கைத் தொல்காப்பியக் கிளவியாக்கம் உயர்சொற் கிளவி எனக் குறிக்கிறது. அது வழக்கினால் வந்தது, இலக்கண நெறியால் வந்ததன்று எனவும் தெளிவுபடுத்துகிறது. வழக்கில் பிறந்த அம்மதிப்புப் பன்மை இன்று இலக்கணமாகவே இறுகிவிட்டது. ‘சொல்லு’, ‘சொல்லுங்கள்’ என்னும் இரண்டில் ஒன்றைத் தெரிவு செய்யாமல் முன்னிலையில் ஏவல் வினை அமைக்க இயலாது. யாழ்ப்பாணத் தமிழில் ‘நீ’ என்பதற்கும் ‘நீங்கள்’ என்பதற்கும் இடையே ‘நீர்’ என்னும் நடுநிலை வடிவம் பேச்சில் வழங்குகிறது. சென்னைப் பேச்சில் அவ்விடம் வெறுமையாக உள்ளது. அவ்வெறுமையை உறவுப்பெயரும் மதிப்புப் பன்மையும் இணைந்து நிரப்புகின்றன. ‘தம்பி, சொல்லுங்க’ என்னும் தொடரில் ‘தம்பி’ இளமையையும் நெருக்கத்தையும் காட்ட, ‘சொல்லுங்க’ மதிப்பைக் காத்து நிற்கிறது. அறிமுகமில்லாத இளையோரிடம் பெரியோர் இவ்வாறு பேசுவதை இப்பகுதியின் கடைகளிலும் பேருந்து நிறுத்தங்களிலும் நாள்தோறும் கேட்கலாம்.

இதன் மறுதலையான ‘ஐயா, சொல்லு’ என்னும் தொடர் வழக்கில் ஏற்கப்படுவதில்லை. அதாவது, இளமை சுட்டும் விளியோடு மதிப்பு வினை இணையலாம். மூப்புச் சுட்டும் விளியோடு மதிப்பற்ற வினை இணைவது இயல்பன்று. அப்பா, அண்ணன் போன்ற குடும்ப உறவில் ‘அண்ணா, நீ வா’ எனக் கூறுவது நெருக்கத்தால் வருவது. அயலாரிடம் அது செல்லாது. இதிலிருந்து ஓர் உண்மை புலனாகிறது. விளிப்பெயர் பிழைத்தாலும் வினைமுற்று காப்பாற்றும்; வினைமுற்று பிழைத்தால் விளிப்பெயர் காப்பாற்றாது. மேற்காட்டிய மறுமொழியில் ‘தம்பி’ மட்டும் இருந்து, ‘நீங்க எந்த ஸ்கூல்’ என வினா அமைந்திருந்தால் பெரியவர் ஆள் மாறிப் புரிந்துகொள்ளப்பட்டதாக மட்டுமே கருதியிருப்பார். ‘நீ’ என்பதே அவரை விடையெழுதாமல் நிறுத்தியது என்பதற்கு அவர் நேரில் கூறிய முதல் தொடரே சான்று. பேரனின் பள்ளியைப் பற்றி அவர் தொடங்கவில்லை. தாம் யார் என்பதையே முதலில் கூறினார்.

மதிப்பைத் தெரிவு செய்வதிலிருந்து தப்ப ‘விவரம் அனுப்பவும்’, ‘தெரிவிக்கவும்’ என எழுதுவோர் உளர். இவ்வடிவம் நீ, நீங்கள் என்னும் வேறுபாட்டைக் காட்டாததால் பிழையற்றது போலத் தோன்றுகிறது. ஆனால் இது அறிவிப்புப் பலகைக்கும் அலுவலகச் சுற்றறிக்கைக்கும் உரிய நடை. ஒருவர் தம் தேவையைக் கூறி எழுதிய செய்திக்கு இவ்வாறு விடையளிப்பது பலருக்குமான பொது அறிவிப்பை அவரிடம் நீட்டுவது போன்றதாகும். ‘தாங்கள்’ என்பது மறுபுறத்துச் சிக்கல். உயர் அலுவலருக்கு எழுதும் விண்ணப்பத்தில் அது பொருந்தும்; ‘பீஸ் எவ்ளோ’ எனக் கேட்டவருக்கு ‘தாங்கள் கேட்டருளிய’ என்பது போல எழுதுவது எள்ளலாகக் கொள்ளப்படும்.

முதற்செய்தி தரும் குறிப்புகள்

அனுப்பியவரின் வயதை அறியப் படத்தை நம்புவது பெரும்பிழை. குழந்தை, பேரன், கடவுள், தலைவர், நடிகர் எனப் பிறருடைய படங்களை வைப்பது பரவலான வழக்கம். ஒரே கைப்பேசியைக் குடும்பத்தார் பலர் பயன்படுத்துவதும் உண்டு. படத்தைவிட அவர் பயன்படுத்திய விளிப்பெயர் நம்பத்தக்கது.

உறவு விளிகள் இணை இணையாக இயங்குவன. ‘தம்பி’ என விளித்தவர் ‘அண்ணா’ அல்லது ‘ஐயா’ என்பதை எதிர்நோக்குகிறார். ‘அக்கா’ என விளித்தவரைத் ‘தம்பி’ அல்லது ‘தங்கச்சி’ எனலாம். ‘சார்’, ‘மேடம்’ என்பவை உறவைத் தவிர்த்துத் தொழில் நிலையில் நிற்பவை. ‘அம்மா’ என்னும் விளி மட்டும் இருமுகம் உடையது. இளையோர் மூத்த பெண்ணை அம்மா என்பர். முதியோர் தம் மகள் வயதுப் பெண்ணையும் அம்மா என்பர். மாணவன் ஒருவன் ஆசிரியைக்கு எழுதினால் ‘மிஸ்’ அல்லது ‘மேடம்’ என எழுதுவதே இப்பகுதியில் பெருவழக்கு. ஆகவே இருபதுகளின் இறுதியில் உள்ள ஆசிரியைக்கு வந்த ‘வணக்கம் அம்மா’ என்பது அனுப்பியவர் முதியவராக இருக்கலாம் எனக் காட்டிய குறிப்பாகும். கட்டுரையாளர் அக்குறிப்பை விடுத்துப் படத்தைப் பற்றிக்கொண்டார்.

சமயம் சார்ந்த முகமன்களும் இப்பகுதியில் முதற்செய்தியில் வருவதுண்டு. மணலி புதுநகரில் அய்யா வைகுண்டரின் பதி ஒன்று உள்ளது. அவ்வழியினர் ‘அய்யா உண்டு’ எனத் தொடங்குவர். அவ்வழியைச் சார்ந்தோர் அதனையே திருப்பிக் கூறுவர். சாராதவர் ‘வணக்கம் ஐயா’ என விடையளிப்பது மதிப்புக் குறைவாகாது. அம்முகமனைக் கண்டுகொள்ளாது நேரே செய்திக்குச் செல்வதே குறையாகும். ‘அஸ்ஸலாமு அலைக்கும்’, ‘ஸ்தோத்திரம்’ என்பவற்றுக்கும் இது பொருந்தும்.

மறுமொழியைத் திருத்தி அமைத்தல்

மேற்கண்டவற்றைக் கொண்டு அம்மறுமொழியை மீண்டும் அமைத்துப் பார்க்கலாம். அனுப்பியவர் பொழுதைச் சுட்டவில்லை, விடை மறுநாள் எழுதப்படுகிறது. எனவே முகமன் ‘வணக்கம்’. அனுப்பியவர் யாரென உறுதியில்லை. எனவே விளிப்பெயர் வேண்டா. வினைமுற்று மதிப்புப் பன்மையில் அமைய வேண்டும். வகுப்பில் சேர்பவர் யார் என்பதை, எழுதியவரே மாணவர் எனக் கொள்ளாமல் கேட்க வேண்டும். அவ்வாறாயின் மறுமொழி இவ்வாறு அமையும்: “வணக்கம். பத்தாம் வகுப்புக்குத் தமிழ் எடுக்கிறேன். யாரைச் சேர்க்கணும், எந்தப் பள்ளியில் படிக்கிறாங்கன்னு சொல்லுங்க.” இதற்குப் பெரியவர் ‘என் பேரன்மா’ என எழுதியிருப்பார். அடுத்த வரியிலேயே ‘சரிங்க ஐயா’ என விளிப்பெயர் இயல்பாக இடம்பெற்றிருக்கும். விளியை முதல் வரியில் வலிந்து எழுதாமல் இரண்டாம் வரிக்கு ஒத்திவைப்பதே இம்முறையின் சாரம்.

இம்முறைக்கும் எல்லை உண்டு. விளிப்பெயர் இல்லாத வணக்கம் முதல் மறுமொழிக்கு மட்டுமே பொருந்தும். அனுப்பியவர் தம்மை யாரெனக் கூறிய பின்னும் விளியின்றியே எழுதிவந்தால் அது விலகலாகக் கொள்ளப்படும். தென்மாவட்டங்களிலிருந்து வந்தோர் ‘அண்ணாச்சி’, ‘அக்கா’ என்னும் விளிகளை விரைவில் எதிர்நோக்குவர்.

பிழை நேர்ந்ததை எவ்வாறு அறிவது? மறுமுனையில் இருப்பவர் பெரும்பாலும் கடிந்து கூறுவதில்லை. அவருடைய விளிப்பெயர் மாறுவதே முதல் அடையாளம். ‘அம்மா’ ‘மேடம்’ ஆவதும், ‘தம்பி’ ‘சார்’ ஆவதும் உறவு நிலையிலிருந்து தொழில் நிலைக்கு அவர் பின்வாங்கியதைக் காட்டுகின்றன. ‘எடுக்கிறீங்களா’ எனக் கேட்டவர் ‘தெரிவிக்கவும்’ என எழுதத் தொடங்குவது மற்றோர் அடையாளம். அந்நிலையில் “மன்னிக்கணும் ஐயா, படத்தைப் பார்த்து மாணவர்னு நினைச்சிட்டேன்” எனக் காரணத்தோடு ஒரு வரி எழுதுவதே திருத்தம். பிழையைக் கூறாமல் அடுத்த செய்தியில் மட்டும் ‘நீங்க’ என மாற்றிக்கொள்வது போதாது. முந்தைய ‘நீ’ திரையில் அப்படியே நிற்கிறது.

முடிவுரை

முதற்செய்திக்கான மறுமொழியில் பொழுதும் மதிப்பும் தனித்தனிச் சிக்கல்களாகத் தோன்றினும் இரண்டும் மறுமுனையில் இருப்பவரைப் பற்றி நாம் அறிந்தது எவ்வளவு என்னும் ஒரே வினாவில் முடிகின்றன. ஒரே பொழுதில் இருவரும் இருப்பது உறுதியாயின் காலை, மாலை எனக் கூறலாம். இல்லையேல் ‘வணக்கம்’ தனித்து நிற்கும். வயதும் உறவும் உறுதியாயின் விளிக்கலாம். இல்லையேல் விளி காத்திருக்கும். மதிப்புப் பன்மை மட்டும் எவ்வுறுதியையும் வேண்டாது தொடக்கத்திலேயே வர வேண்டியது. இளையவர் எனப் பின்னர் அறிந்தால் அதனைத் தளர்த்துவது எளிது, பெரியவர் என அறிந்தபின் ‘நீ’ என்பதைத் திரும்பப் பெறுவது அரிது. அப்பேரன் இப்போது வகுப்புக்கு வருகிறான். கட்டணம் செலுத்தும் நாளில் அவன் தாத்தாவிடமிருந்து வரும் செய்தி இன்றும் ‘வணக்கம் மேடம்’ என்றே தொடங்குகிறது.